எச்டிஆர் போட்டதும் டெஸ்க்டாப் வெளிறிப் போகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திரையின் வெளிச்சத்தையும் இருட்டையும் வழக்கத்தைவிட அகலமான எல்லையில் காட்டும் எச்டிஆர் பற்றி, புது மானிட்டர் வாங்கிய நண்பர்களும் ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர்களும் இரண்டு வருடமாக என்னிடம் கேட்டவை இவை. வாட்ஸ்அப்பில் தனித்தனியாகப் பதில் எழுதியதையெல்லாம் இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். எல்லாமே விண்டோஸ் 11-க்கானது. வேலை, பிரவுசர், மெயில், நடுவில் ஒரு படம் என்று அன்றாடம் கம்ப்யூட்டரில் உட்காருபவர்களை நினைத்து எழுதியது.

எச்டிஆர் ஆன் பண்ணின உடனே டெஸ்க்டாப் முழுக்க சாயம் போன மாதிரி ஆயிடுது. மானிட்டர்ல ஏதாவது கோளாறா?

பெரும்பாலும் இல்லை. ஆனால் "சாயம் போச்சு" என்று எல்லோரும் சொல்வது ஒரே நோய் அல்ல. சிலருக்குக் கறுப்பே சாம்பலாகிவிடுகிறது. சிலருக்குக் கறுப்பு சரியாக இருக்கும், அதை ஒட்டிய அடர் நிறங்கள் மட்டும் வெளுத்திருக்கும். இன்னும் சிலருக்கு இருட்டுப் பகுதியெல்லாம் நன்றாக இருக்கும், சிவப்பும் பச்சையும்தான் சோர்ந்து தெரியும். மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. எது என்று தெரியாமல் ஒவ்வொரு அமைப்பாகத் திருப்பிக்கொண்டிருந்தால் முன்பைவிட மோசமாகத்தான் முடியும்.

கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை போதும். பெயிண்ட் திறந்து மூன்று பட்டை வரையுங்கள். முதல் பட்டை முழுக் கறுப்பு (0, 0, 0). இரண்டாவது (20, 20, 20), அதாவது கறுப்புக்கு அடுத்த படியில் இருக்கும் ஓர் அடர் சாம்பல். மூன்றாவது முழுச் சிவப்பு (255, 0, 0). படத்தைச் சேமித்து முழுத்திரையில் திறந்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, `Win + Alt + B` அழுத்துங்கள். எச்டிஆர் ஆன், ஆஃப் ஆக மாறுவதற்கான குறுக்குவழி அது. மாறும்போது எந்தப் பட்டை வெளுக்கிறது என்று பாருங்கள். கறுப்பு வெளுத்தால் மூன்றாவது, நான்காவது கேள்விகளைப் படியுங்கள். டிவியில் இணைத்திருந்தால் எட்டாவதையும் பாருங்கள். இரண்டாவது பட்டை மட்டும் வெளுத்தால் ஆறாவது கேள்வி. சிவப்பு மட்டும் மாறினால் ஐந்தாவது. ஆனால் இந்தச் சோதனைக்கு முன்னால் அடுத்த கேள்வியில் சொல்லியிருக்கும் ஸ்லைடரைச் சரி செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் எல்லாப் பட்டையும் சேர்ந்து மாறி உங்களைக் குழப்பும்.

SDR content brightness-னு ஒரு ஸ்லைடர் இருக்கே, அதை எவ்வளவுல வைக்கணும்?

`Settings > System > Display > HDR` பக்கத்தில் அது இருக்கிறது. எச்டிஆர் ஆன் ஆனதும் விண்டோஸ் உங்கள் திரையை இரண்டு வகையாகப் பார்க்கிறது. எச்டிஆர் படமும் விளையாட்டும் தங்களுக்கு வேண்டிய வெளிச்ச அளவைத் தாங்களே சொல்லிவிடும். பிரவுசர், வேர்டு, டாஸ்க்பார் போன்ற சாதாரண சமாச்சாரங்களுக்கு அப்படிச் சொல்லத் தெரியாது. அவற்றின் வெள்ளை எவ்வளவு பிரகாசமாக இருக்க வேண்டும் என்பதை இந்த ஸ்லைடர்தான் முடிவு செய்கிறது.

தனி மானிட்டரில் கணக்கு எளிது. ஸ்லைடர் 0 என்றால் வெள்ளை 80 நிட், 100 என்றால் 480 நிட், நடுவில் ஒவ்வொரு படிக்கும் 4 நிட் கூடும். 10-ல் வைத்தால் 120 நிட், 30-ல் வைத்தால் 200 நிட். (நிட் என்பது திரை வெளிச்சத்தின் அலகு.) இரவில் விளக்கு மங்கலாக இருக்கும் அறைக்கு 10 போதும், பகல் வெளிச்சம் வரும் அறைக்கு 30 வாக்கில் வைக்கலாம். எண்ணைவிட நல்ல வழி கண்தான். ஒரு வெற்று வேர்டு பக்கத்தைத் திறந்து, `Win + Alt + B` அழுத்தி அழுத்தி, எச்டிஆர் ஆஃபில் இருந்த வெள்ளையும் ஆனில் இருக்கும் வெள்ளையும் ஒன்றாகத் தெரியும் வரை ஸ்லைடரை நகர்த்துங்கள்.

"மங்கலா இருக்கு" என்று சொல்லி ஸ்லைடரைக் கடைசி வரை தள்ளிவிடுகிறவர்கள் அதிகம். 400 நிட் மானிட்டரில் அப்படிச் செய்தால் சாதாரண வெள்ளையே திரையின் உச்சத்தைத் தொட்டுவிடும். பிறகு எச்டிஆர் படத்தில் வரும் சூரியனுக்கும் பக்கத்தில் திறந்திருக்கும் வேர்டு பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாது. லேப்டாப்பின் சொந்தத் திரைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அங்கே வழக்கமான வெளிச்சக் கட்டுப்பாடும் கூடவே வேலை செய்யும்.

வெள்ளையை நீங்க சொன்ன மாதிரி குறைச்சுட்டேன். ஆனா கறுப்பு இன்னும் சாம்பலாத்தான் இருக்கு. ஏன்?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்வியால்தான். ஐபிஎஸ் பேனல் உள்ள சாதாரண மானிட்டரில் கறுப்பு என்பது முழு இருட்டு அல்ல. பின்னால் எரியும் பேக்லைட்டைப் பேனல் மறைக்கப் பார்க்கிறது, கொஞ்சம் கசிகிறது. ஆயிரத்துக்கு ஒன்று என்ற கான்ட்ராஸ்ட் உள்ள பேனலில், பேக்லைட் கொடுக்கும் உச்ச வெள்ளையில் ஆயிரத்தில் ஒரு பங்கு எப்போதும் கசியும்.

என் நண்பரின் 27 இஞ்ச் மானிட்டரை வைத்தே கணக்குப் பார்ப்போம். அது 400 நிட், ஐபிஎஸ். எச்டிஆர் ஆஃபில் அவர் வெள்ளையை 120 நிட் அளவுக்குக் குறைத்து வைத்திருந்தார். மானிட்டர் அதற்காகப் பேக்லைட்டையே குறைத்துக்கொள்ளும், அதனால் கறுப்பு 0.12 நிட். எச்டிஆர் ஆன் பண்ணியதும் மானிட்டர் "எப்போது வேண்டுமானாலும் 400 நிட் கேட்பார்கள்" என்று பேக்லைட்டை முழுசாக ஏற்றிவிடுகிறது. அந்த நொடியே கறுப்பு 0.4 நிட் ஆகிவிடுகிறது, மூன்று மடங்குக்கும் மேல். அவர் விண்டோஸ் ஸ்லைடரை 10-க்குக் குறைத்தார், வெள்ளை 120 நிட்டுக்கு வந்தது. ஆனால் அந்த ஸ்லைடர் பேக்லைட்டைத் தொடுவதில்லை. கறுப்பு அதே 0.4-ல் நிற்கிறது. இப்போது வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே இருப்பது ஆயிரம் மடங்கு அல்ல, வெறும் முந்நூறு மடங்கு. சாயம் போன மாதிரி தெரியாமல் என்ன செய்யும்?

ஸ்லைடரை 30-க்கு ஏற்றினால் ஐந்நூறு மடங்காகக் கொஞ்சம் தேறும். பழைய ஆயிரத்தைத் தொடாது. இது அமைப்பில் நடந்த தவறு அல்ல, அந்தப் பேனலின் எல்லை. எந்த ஸ்லைடராலும், நிறத்தைத் திருத்தும் எந்தப் புரொஃபைல் கோப்பாலும் இதை முழுசாகத் தீர்க்க முடியாது. படத்துக்கு ஏற்ப மொத்த பேக்லைட்டையும் ஏற்றி இறக்கும் மானிட்டர்களும் உண்டு. அவற்றில் கறுப்பு கொஞ்சம் தணியும், ஆனால் ஜன்னல்களை மாற்றும்போது திரை மூச்சு விடுவது போல் வெளிச்சம் ஏறி இறங்கும்.

பெட்டியில எச்டிஆர் 400-னு போட்டிருந்ததே, அப்ப அது பொய்யா?

பொய்யில்லை, ஆனால் நாம் நினைக்கும் அர்த்தம் அதற்கு இல்லை. திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு 2017 கடைசியில் கொண்டுவந்த டிஸ்ப்ளே எச்டிஆர் தரவரிசையில் 400 என்பது முதல் படி. உச்ச வெளிச்சம் 400 நிட் தொட வேண்டும் என்று அது கேட்கிறது. திரையைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தனித்தனியாக மங்கச் செய்யும் லோக்கல் டிம்மிங் வேண்டும் என்று கேட்பதில்லை. கறுப்பைக் காப்பாற்றுவது அந்த வசதிதான். வெறும் "எச்டிஆர் 10" என்று மட்டும் போட்டிருந்தால் இன்னும் குறைவு: எச்டிஆர் சிக்னலை மானிட்டர் வாங்கிக்கொள்ளும் என்பதைத் தாண்டி அது எதையும் உறுதி சொல்வதில்லை.

மானிட்டரின் சொந்த மெனுவை ஒருமுறை பாருங்கள். லோக்கல் டிம்மிங் என்று ஏதாவது இருந்தால் ஆன் செய்து முதல் கேள்வியின் கறுப்புப் பட்டையை மறுபடி பாருங்கள். பக்கவாட்டில் எட்டு, பதினாறு பட்டைகளாக மட்டுமே பிரித்த மானிட்டரில் வெள்ளை மவுஸ் போகும் இடமெல்லாம் ஒரு வெளிச்சப் பட்டை கூடவே போகும். அது உறுத்தினால் அணைத்துவிடுங்கள். அந்த வகை மானிட்டரில் டெஸ்க்டாப் வேலைக்கு எச்டிஆர் தேவையே இல்லை என்பது என் தீர்மானமான கருத்து. படம் பார்க்கும்போது மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

கறுப்பெல்லாம் சரியா இருக்கு. ஆனா சிவப்பு, பச்சை எல்லாம் உயிரே இல்லாம தெரியுது. முன்னாடி எவ்வளவு பளிச்சுனு இருந்துச்சு!

கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் தோழி ஒருவர் இதைக் கேட்டார். அரக்குப் பட்டுப்புடவை எச்டிஆரில் பழைய புடவை மாதிரி தெரிகிறது என்றார். இங்கே பலருக்குப் பிடிக்காத ஓர் உண்மை இருக்கிறது: தவறு முன்பு நடந்தது. இன்றைய மானிட்டர்கள் பல, இணையத்தின் அடிப்படை நிற எல்லையான எஸ்ஆர்ஜிபியைவிட அகலமான நிறங்களைக் காட்ட வல்லவை. எச்டிஆர் ஆஃபில் விண்டோஸ் "முழுச் சிவப்பு" என்று மட்டும் சொல்லி அனுப்பும், எந்தச் சிவப்பு என்று சொல்லாது. மானிட்டர் தன்னிடம் இருக்கும் மிக ஆழமான சிவப்பை எடுத்துக் காட்டிவிடும். புகைப்படத்தில் இருந்ததைவிடப் புடவை சிவந்துபோகும், முகங்களிலும் ஒரு சிவப்பு ஏறும். எச்டிஆர் ஆனில் விண்டோஸ் சரியான முகவரியோடு அனுப்புகிறது. எஸ்ஆர்ஜிபி சிவப்பு எஸ்ஆர்ஜிபி சிவப்பாகவே வருகிறது.

அதை உறுதி செய்ய எளிய வழி உண்டு. எச்டிஆரை அணைத்துவிட்டு மானிட்டர் மெனுவில் எஸ்ஆர்ஜிபி என்ற மோடைத் தேர்ந்தெடுங்கள். சிவப்புப் பட்டை எச்டிஆர் ஆனில் தெரிந்த சிவப்போடு ஒத்துப்போனால் எதையும் சரிசெய்ய வேண்டியதில்லை. இரண்டு வாரம் பழகினால் பழைய பளபளப்புதான் கண்ணைக் குத்தும். தோழியின் அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்தோம், எச்டிஆரில் தெரிந்த அரக்குதான் தாளில் இருந்தது.

இல்லை, எனக்குக் கொஞ்சம் பளிச்சென்றுதான் வேண்டும் என்றால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் `Windows HDR Calibration` என்ற இலவசச் செயலி இருக்கிறது. முதல் மூன்று திரைகளில் உங்கள் மானிட்டரின் குறைந்தபட்ச, அதிகபட்ச வெளிச்சத்தைக் கட்டங்கள் மறையும் வரை ஸ்லைடரை நகர்த்திக் கண்டுபிடிப்பீர்கள். கடைசித் திரையில் நிறச் செறிவுக்கு ஒரு ஸ்லைடர் வரும். அது எச்டிஆர் படத்துக்கும் சாதாரணச் செயலிகளுக்கும் சேர்த்தே வேலை செய்யும். கொஞ்சமாக நகர்த்துங்கள், மனித முகம் உள்ள ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டே நிறுத்துங்கள்.

நான் ஓஎல்இடி வாங்கிட்டேன். முழுக் கறுப்பு அட்டகாசம். ஆனா டார்க் தீம்ல எல்லாம் புகை படிஞ்ச மாதிரி இருக்கு.

உங்கள் சோதனையில் வெளுத்தது இரண்டாவது பட்டை. பேக்லைட்டே இல்லாத ஓஎல்இடியில் மூன்றாவது கேள்வியின் பிரச்சினை வராது. இது விண்டோஸ் கணக்குப் போடும் விதத்தால் வருவது. (20, 20, 20) என்ற எண்ணை வெளிச்சமாக மாற்ற இரண்டு சூத்திரங்கள் புழக்கத்தில் உள்ளன. எச்டிஆர் ஆஃபில் பெரும்பாலான மானிட்டர்கள் காமா 2.2 என்ற சூத்திரத்தைப் பின்பற்றுகின்றன. எச்டிஆர் ஆனில் விண்டோஸ், எஸ்ஆர்ஜிபி தரத்தில் எழுதியிருக்கும் இரண்டு துண்டுச் சூத்திரத்தை எடுத்துக்கொள்கிறது. நடுத்தர நிறங்களில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், அடிமட்டத்தில்தான் பிரிகின்றன. வெள்ளை 200 நிட்டாக இருக்கும்போது அந்த இரண்டாவது பட்டை காமா 2.2-ல் 0.7 நிட், விண்டோஸ் எச்டிஆரில் 1.4 நிட். இரண்டு மடங்கு. புகை படிந்ததாகத் தெரிவது அதுதான். ஓஎல்இடியில் பக்கத்திலேயே உண்மையான கறுப்பு இருப்பதால் இன்னும் உறுத்துகிறது.

இதற்கு விண்டோஸில் பொத்தான் எதுவும் இல்லை. ஆர்வலர்கள் தயாரித்த நிறப் புரொஃபைல்கள் கிட்ஹப்பில் கிடைக்கின்றன, `srgb to gamma 2.2 icm` என்று தேடினால் வரும். வெள்ளையின் நிட் அளவுக்கு ஒன்றாகத் தனித்தனிக் கோப்புகள் இருக்கும். ஸ்லைடரை 30-ல் வைத்திருந்தால் 200 நிட் கோப்பைத்தான் எடுக்க வேண்டும். எச்டிஆரை ஆன் செய்த நிலையில் `Win + R` அழுத்தி இதைக் கொடுங்கள்:

```
colorcpl
```

வரும் ஜன்னலில் உங்கள் மானிட்டரைத் தேர்ந்தெடுத்து, `Use my settings for this device` என்பதை டிக் செய்து, `Add` மூலம் கோப்பைச் சேர்த்து, `Set as Default Profile` அழுத்துங்கள். இரண்டாவது பட்டை உடனே கறுப்பை நோக்கி இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் எச்டிஆரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

அந்தப் புரொஃபைலைப் போட்டேன், டார்க் தீம் அருமையா இருக்கு. ஆனா எச்டிஆர் படத்துல இருட்டு சீன்ல ஒண்ணுமே தெரியல.

எதிர்பார்த்ததுதான். அந்தக் கோப்பு மானிட்டருக்குப் போகும் மொத்தப் படத்தின் மேலும் வேலை செய்கிறது. இது டாஸ்க்பார், இது படம் என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. சரியான வெளிச்சத்தோடு வந்த எச்டிஆர் காட்சியின் இருட்டுப் பகுதியையும் சேர்த்து இறக்கிவிடுகிறது. அன்றாட வேலைக்கு அதைப் போட்டுக்கொண்டு, எச்டிஆர் படமோ விளையாட்டோ தொடங்கும் முன் மாற்றிவிடுங்கள். `Settings > System > Display` பக்கத்திலேயே `Color profile` பட்டியல் இருப்பதால் ஒவ்வொரு முறையும் `colorcpl` திறக்க வேண்டாம்.

ஒரே நேரத்தில் ஒரு புரொஃபைல்தான் நடைமுறையில் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஐந்தாவது கேள்வியில் செய்த அளவீடும் ஒரு புரொஃபைல்தான். காமா கோப்பைத் தேர்ந்தெடுத்தால் அது விலகி நிற்கும். ஸ்லைடரை வேறு எண்ணுக்கு மாற்றினால் காமா கோப்பையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

மானிட்டர் இல்ல, டிவியை எச்டிஎம்ஐ-ல மாட்டியிருக்கேன். எல்லாமே பால் ஊத்தின மாதிரி இருக்கு.

முதலில் சந்தேகப்பட வேண்டியது சிக்னலின் எல்லையை. கம்ப்யூட்டர் கறுப்பை 0 என்றும் வெள்ளையை 255 என்றும் எழுதும். வீடியோ உலகில் கறுப்பு 16, வெள்ளை 235. கிராஃபிக்ஸ் கார்டு 16-லிருந்து அனுப்ப, டிவி 0-வைக் கறுப்பு என்று எதிர்பார்த்தால் கறுப்பு சாம்பலாகவும் வெள்ளை மங்கலாகவும் வரும். என்விடியா கண்ட்ரோல் பேனலில் `Output color format` என்பதை `RGB` ஆக்கி, `Output dynamic range` என்பதை `Full` ஆக்குங்கள். டிவியின் மெனுவில் எச்டிஎம்ஐ பிளாக் லெவல் என்று இருப்பதையும் அதற்கு இணையாக வையுங்கள். மாறாகக் கறுப்பெல்லாம் ஒரே திட்டாகி விவரங்கள் மறைந்துவிட்டால், கார்டு 0-விலிருந்து அனுப்ப டிவி 16-ஐக் கறுப்பு என்று எடுத்துக்கொள்கிறது என்று பொருள்.

எச்டிஎம்ஐ 2.0 என்றால் 4கே, 60 ஹெர்ட்ஸ், 10 பிட், ஆர்ஜிபி நான்கும் சேர்ந்து கேபிளில் அடங்காது. அப்போது 8 பிட் ஆர்ஜிபியையே தேர்ந்தெடுங்கள். 10 பிட்டுக்காக நிற விவரத்தைக் குறைத்தால் எழுத்துகளின் ஓரத்தில் நிறம் கசியும், நாள் முழுக்க எழுத்து படிப்பவருக்கு அது பெரிய தொல்லை.

நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு. இன்னைக்கு ஸ்லீப்ல இருந்து எழுப்பினதும் வெளுத்துப்போச்சு.

மானிட்டரும் விண்டோஸும் எழும்போது ஒத்துப்போகவில்லை. `Win + Alt + B` இருமுறை அழுத்திப் பாருங்கள். தீராவிட்டால் `Win + Ctrl + Shift + B`, இது கிராஃபிக்ஸ் டிரைவரை மறுபடி தொடங்கும், திரை ஒரு நொடி இருண்டு வரும். அதன் பிறகு ஆறாவது கேள்வியில் போட்ட புரொஃபைல் இன்னும் தேர்வில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் திரையில நல்லாத்தான் தெரியுது. ஸ்கிரீன்ஷாட் அனுப்பினா மத்தவங்களுக்கு வெளுத்துத் தெரியுதாம்.

ஸ்னிப்பிங் டூல் அமைப்புகளில் `HDR screenshot color corrector` என்று இருக்கும், ஆன் செய்யுங்கள். முதல் கேள்வியின் சோதனைக்கு ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம். எனக்குக் காட்ட வேண்டுமானால் போனில் திரையைப் படம் எடுத்தும் அனுப்பாதீர்கள், போன் கேமரா தானாக வெளிச்சத்தைச் சரிசெய்துவிடும். எந்தப் பட்டை மாறியது என்று வார்த்தையில் சொன்னாலே போதும்.

போட்டோ எடிட் பண்றேன். மானிட்டரை அளவுகோல் கருவி வச்சு காலிபரேட் பண்ணி வச்சிருந்தேன். எச்டிஆர் போட்டதும் அது வேலை செய்யலையே?

எச்டிஆர் ஆனில் இருக்கும்போது பழைய பாணிச் செயலிகளிடம் விண்டோஸ் "இது ஒரு எஸ்ஆர்ஜிபி திரை" என்று மட்டும் சொல்லும். உங்கள் அளவீட்டுப் புரொஃபைல் செயலிக்குப் போய்ச் சேராது. அகலமான நிறங்கள் கொண்ட படமும் எஸ்ஆர்ஜிபிக்குள் வெட்டப்பட்டே தெரியும். அந்தச் செயலியின் `.exe` கோப்பில் வலது சொடுக்கி, `Properties > Compatibility` பக்கத்தில் `Use legacy display ICC color management` என்பதை டிக் செய்தால் பழைய வழி திரும்பும். ஆனாலும் காசு வாங்கிச் செய்யும் நிற வேலைக்கு எச்டிஆரை அணைத்துவிட்டு உட்காருவதே பாதுகாப்பு. அந்த அளவீடு எச்டிஆர் ஆஃபில் இருந்த பேக்லைட்டுக்கு எடுக்கப்பட்டது.

அப்ப எச்டிஆரை எப்பவும் ஆன்ல வைக்கலாமா, வேண்டாமா?

ஓஎல்இடி அல்லது நூற்றுக்கணக்கான பகுதிகளாகப் பிரித்த மினி எல்இடி மானிட்டர் என்றால், ஸ்லைடரையும் காமாவையும் சரிசெய்துவிட்டு ஆன்லேயே விடலாம். லோக்கல் டிம்மிங் இல்லாத மானிட்டர் என்றால் ஆஃபில் வைத்து, படம் தொடங்கும் முன் `Win + Alt + B` அழுத்திக்கொள்ளுங்கள்.

சரியான நிறம் வேண்டும் என்பதற்காக மட்டும் எச்டிஆர் போட்டிருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. எச்டிஆரை அணைத்துவிட்டு, டிஸ்ப்ளே அமைப்புகளில் `Automatically manage color for apps` என்று இருக்கிறதா பாருங்கள். எல்லா மானிட்டருக்கும் அது வராது. வந்தால், ஐந்தாவது கேள்வியில் சொன்ன சரியான சிவப்பு கிடைக்கும், பேக்லைட்டும் ஏறாது. மூன்றாவது கேள்வியில் வந்த நண்பர் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறார், அவருடைய கறுப்பு மறுபடி 0.12 நிட்டில் நிற்கிறது.